அழித்த பதிவு ஏன் அழிவதில்லை?

ஊர்ச் சங்கத்தின் அறிவித்தற் பலகையில் ஒருவர் ஒரு கடிதத்தை ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வழியே செல்வோர் இருவகையாக அதனைப் பிறருக்குத் தெரிவிக்கலாம். ஒருவர், “சங்கப் பலகையிலே ஒரு கடிதம் இருக்கிறது, போய்ப் பார்” என்று சொல்லுவார். மற்றொருவர் பேனாவை எடுத்து அக்கடிதத்தை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். கடிதத்தை ஒட்டியவர் மறுநாள் அதனைக் கிழித்தெடுத்துவிட்டால், முதலாமவருடைய சொல்லைக் கேட்டுப் போனவர்கள் வெறும் பலகையையே காண்பார்கள். இரண்டாமவருடைய சட்டைப்பையில் இருக்கும் படியோ அப்படியே இருக்கும். பலகையில் நிகழ்ந்தது அதற்குத் தெரியாது.

இணையத்திலே ஒரு பதிவை அழித்தபின் நிகழ்வதும் இதுவே. முகநூலிலே “பகிர்” என்னும் பொத்தானை அழுத்துவோர் முதல் வகையினர். அவர்கள் பகிர்வது பதிவையன்று, அப்பதிவு இருக்கும் இடத்தையே. ஆதலின் எழுதியவர் மூலப்பதிவை அழித்தவுடன் அப்பகிர்வுகள் யாவும் உள்ளீடின்றிப் போய், “இவ்வுள்ளடக்கம் இப்பொழுது கிடைக்கவில்லை” என்னும் வாசகமே எஞ்சும். தொலைபேசித் திரையில் தெரிவதை அப்படியே படமாக்குகிறவர்கள் இரண்டாம் வகையினர். ஸ்கிரீன்ஷொட் என்று எல்லோரும் வழங்கும் அந்தத் திரைப்படி, எடுத்தவருடைய தொலைபேசியிலே பிறந்த புதியதொரு படம். அதற்கும் மூலப்பதிவுக்கும் இடையே எந்த இழையும் இல்லை. முகநூலிற் சாதாரணப் பதிவொன்றை ஒருவர் இவ்வாறு படமெடுத்தால், எழுதியவருக்கு அறிவித்தலும் வருவதில்லை.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்து பார்ப்போம். இது விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட உதாரணமேயாயினும், இதன் ஒவ்வொரு படியும் நம்மிடையே நாள்தோறும் நிகழ்வதே.

கிழக்கு மாகாணத்தில் ஓர் ஊர். நெடுங்காலம் காத்திருந்த பட்டதாரிப் பெண் ஒருவருக்கு அரசாங்க நியமனம் கிடைக்கிறது. மகிழ்ச்சி மிகுதியில், நியமனக் கடிதத்தைப் படமெடுத்து இரவு எட்டு மணிக்கு முகநூலில் இடுகிறார். அக்கடிதத்திலே அவருடைய முழுப்பெயர், வீட்டு முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியன இருக்கின்றன. தொடர்புகொள்வதற்கென எழுதிய தொலைபேசி இலக்கமும் ஓரத்தில் இருக்கிறது. எட்டு நாற்பதுக்கு அவருடைய தமையனார் கண்டு, “தங்கச்சி, அதை உடனே எடுத்துவிடு” என்கிறார். பெண் பதிவை அழித்துவிடுகிறார். பதினொருவர் அதனைப் பகிர்ந்திருந்தனர். அந்தப் பதினொரு பகிர்வுகளும் அக்கணமே ஒழிந்தன. காரியம் முடிந்தது என்று வீட்டார் எண்ணினர்.

ஆயினும் அந்த நாற்பது நிமிடத்துக்குள் பள்ளித்தோழி ஒருத்தி, நல்லெண்ணத்தோடுதான், திரைப்படி எடுத்துப் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் இட்டிருந்தாள். அக்குழுவிலிருந்து ஒருவர் இன்னொரு குழுவுக்கு அனுப்பினார். மறுநாள் மாலை, முகநூலில் யாரோ நடத்தும் பக்கமொன்றிலே அதே கடிதம் வெளியாயிற்று. தேதியும் வாழ்த்துரையும் வெட்டப்பட்டிருந்தன. “அரசியற் செல்வாக்கினாற் பெற்ற வேலை” என்று ஒரு வரி மேலே சேர்க்கப்பட்டிருந்தது. இரவோடிரவாக அறிமுகமற்றவர்களின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. அழித்தது என்ன ஆயிற்று என்று அப்பெண் கேட்பதிலே வியப்பில்லை.

அழித்தது அழிந்தது உண்மையே. அழிக்கும் பொத்தானின் அதிகாரம் அவர் இட்ட பதிவின் எல்லையோடு முடிந்தது. அந்தப் பக்கத்திலே படத்தை இட்டவர், முகநூலின் கணக்கில், அப்பதிவுக்கு உரிமையாளர். பெண்ணின் பொத்தான் அங்கே செல்லாது. வட்ஸ்அப்பிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே “எல்லோருக்கும் அழி” என்னும் வசதி, ஒருவர் தாம் அனுப்பிய செய்தியை, தாம் அனுப்பிய அந்த உரையாடலில் மாத்திரமே அழிக்கும். அதுவும் அனுப்பி ஏறத்தாழ இரண்டரை நாளைக்குள். அதற்கிடையில் ஒருவர் அதனை வேறிடத்துக்கு அனுப்பியிருந்தால் அது அவருடைய புதிய செய்தியாகிவிடும். படங்கள் தாமாகவே தொலைபேசியில் இறங்கும்படி வைத்திருப்போரும் பலர். உரையாடலில் அழிந்த படம் அவர்களுள் சிலருடைய படத்தொகுப்பில் இருந்துகொண்டே இருக்கக்கூடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பதிவின் கீழே எழுதிய விளக்கம், திருத்தம், தேதி ஆகியன பதிவோடு இருப்பவை. திரைப்படியோ எடுத்த கணத்திற் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே சுமந்து செல்கிறது. வெட்டுகிறவர் எதை விட்டுவைத்தாரோ அதுவே அடுத்தவருக்குச் சேரும். ஆகவே, அழியாமல் உலவும் படி, பெரும்பாலும் மூலத்திலும் கெட்ட படியாகவே இருக்கும்.

இனி, பரவலைக் கட்டுப்படுத்தும் வகையைப் பார்ப்போம்.

பதறியவுடன் அழிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிடுதல் நன்று. பதிவை அழித்துவிட்டால், யார் யார் பகிர்ந்தார்கள், யார் கருத்து எழுதினார்கள் என்னும் பட்டியலும் அதனுடன் போய்விடும். அந்தப் பட்டியல்தான் படியெடுத்திருக்கக்கூடியவர்களைத் தேடுவதற்கு நமக்குள்ள முதல் தடயம். ஆகவே பகிர்ந்தோர் பெயர்களை முதலிற் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் பதிவை யார் பார்க்கலாம் என்னும் அமைப்பை “நான் மட்டும்” என்று மாற்றிவிடலாம். இதனால் மற்ற எல்லோருக்கும், பகிர்வுகள் வழியே வருவோருக்குங்கூட, பதிவு மறைந்துவிடும். பதிவும் அதன் தேதியும் நேரமும் நம்மிடம் சான்றாக இருக்கும். பின்னர் முறைப்பாடு செய்ய நேர்ந்தால் அச்சான்று பெரிதும் உதவும்.

அடுத்து, பிறர் இட்ட படிகளைப் பற்றிய பதிவேடு. ஒரு சாதாரணக் கொப்பி போதும். படி காணப்பட்ட இடம், இட்டவர் பெயர், நாள், நேரம், அந்தப் பதிவின் இணைய முகவரி ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். பலரும் இங்கே தவறுவது முகவரியில்தான். பக்கத்தின் முகவரியை எடுத்தாற் போதாது. குறித்த பதிவுக்கெனத் தனி முகவரி உண்டு. முகநூலிலே, இட்டவர் பெயரின் கீழே தெரியும் நேரத்தை அழுத்தினால் அந்தத் தனிப்பதிவு திறக்கும். அதன் முகவரியே வேண்டுவது. பெயரை மாற்றிக்கொள்பவர் உண்டு. முகவரி குறித்திருந்தால் பெயர் மாறினும் பதிவைக் கண்டுபிடிக்கலாம். சான்றாக ஒரு திரைப்படி எடுத்து வைத்துக்கொள்வதும் தகும். ஆனால் அதனை எவருக்கும் அனுப்பலாகாது.

மூன்றாவது, நீரோட்டத்தை மேல்நோக்கித் தேடுதல். “உன்னுடைய கடிதம் எங்கள் குழுவில் வந்தது” என்று சொல்பவரிடம், “யார் இட்டது?” என்று கேட்க வேண்டும். அவரிடமும் அதே கேள்வி. எமது உதாரணத்தில் இரண்டே கேள்வியில் பள்ளித்தோழியை அடைந்துவிடலாம். செய்தி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதற்கு வட்ஸ்அப்பே ஓர் அடையாளம் தருகிறது. ஐந்து கைக்குக் குறையாமல் மாறிவந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறியும், பலமுறை அனுப்பப்பட்டது என்னும் குறிப்பும் தோன்றும். 2020 ஆம் ஆண்டு முதல் அத்தகைய செய்தியை ஒரே சமயத்தில் ஓர் உரையாடலுக்கு மாத்திரமே அனுப்ப இயலும். இரட்டை அம்பு இல்லையாயின், படி இன்னும் சில கைகளுக்குள்ளேயே இருக்கிறது என்று கொள்ளலாம். அப்பொழுது வேண்டுகோள் பலிக்கும். இரட்டை அம்பு வந்துவிட்டதாயின், ஒவ்வொருவராகத் தேடுவதில் காலத்தைக் கழிக்காமல் பொதுவெளியில் உள்ள படிகளிற் கவனத்தைச் செலுத்துவதே அறிவுடைமை. ஒருவர் படத்தைத் தம் தொலைபேசியில் சேமித்துப் புதிதாக இட்டாராயின் இக்கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

வேண்டுகோள் விடுக்கும்போது கோபம் உதவாது, நீண்ட கதையும் வேண்டா. “அக்கடிதத்திலே என் அடையாள அட்டை இலக்கமும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. தயவுசெய்து குழுவிலும் உங்கள் தொலைபேசியிலும் அழித்து, யாருக்கு அனுப்பினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.” இவ்வளவே போதும். என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பன இரண்டும் அதில் உள. குழுவில் இட்டவர் பதில் தராவிடில், அக்குழுவின் நிர்வாகியை நாடலாம். வட்ஸ்அப் குழுவின் நிர்வாகி, பிற அங்கத்தவர் இட்ட செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்க வல்லவர். இவ்வதிகாரம் தமக்கிருப்பதை நிர்வாகிகளே பலர் அறியார்.

நான்காவது, பொதுப்பக்கத்தில் உள்ள படியைப் பற்றி நிறுவனத்துக்கு முறையிடுதல். இதிலே நம்மவரிடம் ஒரு பிழையான நம்பிக்கை உண்டு. ஐந்நூறு பேர் சேர்ந்து முறையிட்டால் பதிவு நீக்கப்படும் என்று கருதி, படத்தை இன்னும் ஐந்நூறு பேருக்கு அனுப்பி “எல்லோரும் ரிப்போர்ட் பண்ணுங்கள்” என்று கேட்கிறார்கள். முறைப்பாடுகளின் எண்ணிக்கை முடிவைத் தீர்மானிப்பதில்லை என்று முகநூல் நிறுவனமே தெரிவித்திருக்கிறது. பதிவு விதியை மீறுகிறதா என்பதே கேள்வி. ஆகவே சரியான காரணத்தைத் தெரிந்தெடுத்துச் செய்த ஒரு முறைப்பாடு, பொருத்தமற்ற நூறு முறைப்பாட்டிலும் மேல். எமது உதாரணத்தில் “பொய்ச்செய்தி” என்று முறையிட்டால், வேலை எவ்வாறு கிடைத்தது என்னும் வாதத்துள் அது சிக்கிக்கொள்ளும். “தனிப்பட்ட விவரம் வெளியிடப்பட்டுள்ளது” என்று முறையிட்டால் வாதத்துக்கு இடமில்லை. அடையாள அட்டை இலக்கம் படத்திலே கண்ணெதிரே இருக்கிறது. ஒவ்வொரு படியையும் தனித்தனியே முறையிட வேண்டும். ஒன்று நீங்கினால் மற்றவை தாமாக நீங்கமாட்டா.

படம் எடுத்தவர் நாமே ஆகில், பதிப்புரிமை என்னும் வழியும் உண்டு. அது விரைவாகப் பயன் தருவதுண்டு. ஆயினும் பதிப்புரிமை முறைப்பாட்டில் முறையிட்டவருடைய பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்பாருக்குத் தெரிவிக்கப்படலாம். முகவரியை மறைக்க விரும்பும் ஒருவர் அதனை அறிந்தே அவ்வழியிற் செல்லுதல் வேண்டும்.

அடுத்து, தேடுபொறிகள். கூகிளில் இருவேறு வேண்டுகோள்கள் உள. அவற்றை மாற்றிக் கொடுத்தாற் பயனில்லை. பக்கம் அழிந்துவிட்டது, ஆனால் தேடும்போது அதன் சில வரிகளோ சிறுபடமோ இன்னும் தெரிகிறது என்றால், காலங்கடந்த விவரத்தைப் புதுப்பிக்கும்படி கேட்கலாம். பக்கம் அழியாமல் இருக்கிறது, அதிலே அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி போன்றன உள்ளன என்றால், தனிப்பட்ட விவரத்தைத் தேடல் முடிவிலிருந்து அகற்றும்படி கேட்கலாம். இரண்டாவது வேண்டுகோள் ஏற்கப்பட்டாலும் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும். அதற்குச் செல்லும் வழி ஒன்று அடைபட்டது என்பதே பொருள். பெயரைக் கொண்டு தேடும் அந்நியர் அதனைக் காணாதிருப்பதும் ஒரு பாதுகாப்பே.

இனி, செய்யலாகாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2003 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பாடகியும் நடிகையுமான பார்பரா ஸ்ட்ரெய்சாண்ட், கலிபோர்னியாக் கடற்கரையை ஆகாயத்திலிருந்து படமெடுத்து வெளியிட்ட கென்னத் ஏடெல்மன் என்பவர்மீது வழக்குத் தொடுத்தார். ஏறத்தாழ 12,000 படங்களுள் ஒன்றில் அவருடைய மாளிகை தெரிந்தது. வழக்குக்கு முன் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தவை ஆறே தடவை. அவற்றுள்ளும் இரண்டு அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்தவை. வழக்குச் செய்தி வெளியானபின் ஒரு மாதத்துள் அந்தத் தளத்தை நாடியவர்கள் 420,000 பேருக்கு மேல். வழக்கும் தள்ளுபடியாயிற்று. மறைக்க முயல்கிறார்கள் என்னும் செய்தியே காண்பதற்கு அழைப்பாக மாறிவிட்டது.

எமது உதாரணத்துப் பெண், அந்தப் பொய்ப்படத்தின் மேல் சிவப்புக் கோடிட்டு “இது பொய்” என்று தம் பக்கத்திலே இடுவாராயின், அதுவரை அறியாதிருந்த நண்பர்கள் அனைவரும் அறிவார்கள். கோட்டை வெட்டிவிட்டு மறுபடி பரப்புவோருக்கும் அது வசதியாகும். ஆகவே விடையிறுப்பதாயின், கதை ஓடிய இடத்திலேயே, படமின்றி, ஒருமுறை கூறுதல் வேண்டும். “பரீட்சையும் நேர்முகத் தேர்வும் எழுதியே எனக்கு இந்நியமனம் கிடைத்தது. என் தனிப்பட்ட விவரங்கள் உள்ள கடிதத்தைப் பகிர வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.” இதற்குமேல் வாதாடும் ஒவ்வொரு மறுமொழியும் அந்தப் பதிவை மீண்டும் மேலே கொண்டுவந்து நிறுத்தும். ஏனெனில் கருத்துகள் மிகுந்த பதிவையே இத்தளங்கள் மேலும் பலருக்குக் காட்டுகின்றன.

திரும்பப் பெற இயலாத படிகள் சில இருந்தே தீரும். அவற்றினால் விளையக்கூடிய கேட்டைக் குறைப்பதே அப்பொழுது செய்யத்தக்கது. தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் பரவிய படியில் உள்ள பழைய இலக்கம் வெறும் எண்ணாகிவிடும். ஆயின் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் பழைய இலக்கத்தோடு இணைந்திருப்பின், அவற்றை முதலில் மாற்றிய பின்னரே பழையதைக் கைவிடல் வேண்டும். அடையாள அட்டை இலக்கம் அவ்வாறு மாற்றத்தக்கதன்று. நம் நாட்டு இலக்கத்திலே பிறந்த ஆண்டும், நாளும், ஆணா பெண்ணா என்பதும் அடங்கியிருக்கின்றன. ஆதலின் வங்கிக்கு நிலைமையைத் தெரிவித்து வைப்பதும், பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பின் அதனை மாற்றுவதும் அவசியம். எவரேனும் அவ்விலக்கத்தைச் சொல்லி, “நாங்கள் திணைக்களத்திலிருந்து பேசுகிறோம்” என்றால், இலக்கம் தெரிந்திருப்பதே அவர் அதிகாரி என்பதற்குச் சான்றாகாது என்று வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அந்தரங்கப் படங்களைப் பற்றித் தனியே சில வார்த்தைகள். ஒருவருடைய சம்மதமின்றி அத்தகைய படம் பரவினால், அல்லது பரப்புவேன் என்று எவரேனும் மிரட்டினால், மேலே கூறிய வேண்டுகோள்களோடு இன்னொரு கருவியும் உண்டு. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு stopncii.org என்னும் தளமும், பதினெட்டுக்குக் குறைந்த வயதில் எடுக்கப்பட்ட படங்களுக்கு takeitdown.ncmec.org என்னும் தளமும் இருக்கின்றன. இவை படத்தைக் கேட்பதில்லை. படம் பாதிக்கப்பட்டவரின் தொலைபேசியைவிட்டு வெளியேறாது. அங்கேயே அப்படத்திலிருந்து கைரேகை போன்றதொரு எண்வரிசை கணிக்கப்பட்டு, அந்த எண்வரிசை மாத்திரம் அனுப்பப்படும். இத்திட்டத்திற் சேர்ந்த நிறுவனங்கள் தம் தளத்துக்கு வரும் படங்களின் எண்வரிசையோடு அதனை ஒப்புநோக்கித் தடுக்கும். படத்தைச் சிறிதாக்கினாலும் சற்று மங்கலாக்கினாலும் எண்வரிசை பொருந்தக்கூடும். பெரிதும் வெட்டி மாற்றினால் பொருந்தாது போகும். அவ்வாறு மாற்றிய படி கண்ணிற் பட்டால் அதற்கும் தனியே எண்வரிசை கணித்துச் சேர்க்க வேண்டும். இத்திட்டத்திற் சேராத தளங்களை இது கட்டாது.

மிரட்டுகிறவருக்குப் பணம் கொடுப்பதனாற் படி அழிவதில்லை. அவர் அழித்ததை நமக்குக் காட்டினாலும், இன்னொரு படி வைத்திருக்கவில்லை என்பதற்கு அது சான்றாகாது. உரையாடலை அழிக்காமற் பாதுகாத்து, பொலிஸ் நிலையத்தையோ குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவையோ நாட வேண்டும். பாதிக்கப்பட்டவர் சிறுவராயின், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இவ்வாறெல்லாம் செய்தபின் எப்பொழுது நிறுத்துவது? சில வாரங்களுக்கு, வாரம் ஒருமுறை, தம் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தேடிப் பார்க்கலாம். மூன்று மொழியிலும் தேடுவது, மொழி மாறிச் சென்ற படி கண்ணிற்குத் தப்பாதிருத்தற் பொருட்டு. புதிய படி எதுவும் பொதுவெளியில் தோன்றாமற் போனால் தேடுவதை விட்டுவிடலாம். எங்கோ ஒரு தொலைபேசியில் ஒரு படம் உறங்கிக்கொண்டிருக்கலாம். அதனைக் கையிலே வைத்திருப்பவருக்கும் அது ஏன் அங்கிருக்கிறது என்பது நினைவிராது. அப்பெண்ணின் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு எவரேனும் அழைத்தாலும், மறுமுனையில் அவர் இருக்கப்போவதில்லை.